மங்கிய படத்திலிருந்து அலைநீளம் வரை: ஆற்றல் மட்ட வரைபடத்தைப் படிக்கும் முழுமையான வழிகாட்டி

இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு மாணவர்கள் கணக்குகளைப் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். அவற்றில் அடிக்கடி தடுமாற வைப்பது அணுவின் ஆற்றல் மட்ட வரைபடம். பக்கம் சாய்ந்திருக்கும், கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும், ஒரு எண்ணின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும். அப்படி வந்த ஒரு படத்தையே இங்கே முழுவதுமாகப் போட்டுப் பார்க்கலாம்.

படத்தில் இருந்தது இவ்வளவுதான். மேலே புள்ளிக்கோடாக 0. அதன் கீழே −3.4 என்று ஒரு கோடு. அதற்கும் கீழே ஒரு கோடு, அதன் எண் "−6." என்று தொடங்கி மங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் கீழே −13.6. அதோடு படம் முடிந்துவிட்டது. −3.4 கோட்டிலிருந்து மங்கலான கோட்டுக்குக் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. எண்கள் எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்டில். வெளிவரும் ஒளியின் அலைநீளம் என்ன என்பது கேள்வி.

அனுப்பிய மாணவி −13.6 என்ற எண்ணைப் பார்த்ததுமே "இது ஹைட்ரஜன், அடிநிலை" என்று முடிவு கட்டிவிட்டாள். மூன்று கோடுகளுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டாள். அம்புக்குறி 3-லிருந்து 2-க்கு, ஆகவே 656 நானோமீட்டர், சிவப்பு. சரியான விடை 469 நானோமீட்டர் அருகே இருக்கும் நீலம். அவளுடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிழை படத்தைப் படித்த விதத்தில் இருந்தது.

முதலில் பூஜ்யம் எங்கே என்று பாருங்கள்

எண்களைத் தொடுவதற்கு முன் பூஜ்யத்தைத் தேடுங்கள். பூஜ்யம் மேலே இருந்து மற்றவை குறை எண்களாக இருந்தால், எலக்ட்ரான் அணுவை விட்டு முழுதாக விலகிய நிலையைப் பூஜ்யமாக வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நம் படம் அந்த வகை. சில புத்தகங்களில் அடிநிலையையே பூஜ்யமாக வைத்து மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஹைட்ரஜனுக்கு அப்படிப் போட்டால் 0, 10.2, 12.09, 12.75 என்று ஏறி 13.6-இல் முடியும். வித்தியாசம் எடுப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கீழே செய்யப்போகும் விகிதச் சோதனைக்கு முதல் வகைதான் வேண்டும். இரண்டாவது வகைப் படம் கையில் இருந்தால், ஒவ்வொரு எண்ணிலிருந்தும் உச்சியில் உள்ள அயனியாக்க ஆற்றலைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுத்த படங்களில் கழித்தல் குறியும் தசமப் புள்ளியும் எளிதாக மறைந்துபோகும். −3.4 என்பது 34 என்று தெரியலாம். பூஜ்யக் கோடு எங்கே என்று தெரிந்தால் குறி தானே விளங்கிவிடும். புள்ளி விழுந்த எண்ணை அடுத்த படியே காட்டிக்கொடுக்கும்.

கோடுகளின் எண்ணைக் கண்டுபிடிப்பது

ஒற்றை எலக்ட்ரான் மட்டும் உள்ள அணுவையோ அயனியையோதான் ஹைட்ரஜன் போன்ற அணு என்கிறோம். ஹைட்ரஜன், ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம், இரண்டை இழந்த லித்தியம், மூன்றை இழந்த பெரிலியம் என்று அந்த வரிசை போகும். எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம்:

```
E = -13.6 × Z² / n²   (eV)
```

இதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். Z என்ற அணு எண்ணும் n என்ற மட்ட எண்ணும் Z/n என்ற விகிதமாக மட்டுமே உள்ளே வருகின்றன. அதனால் −13.6 என்ற மட்டம் ஹைட்ரஜனின் 1-ஆம் மட்டமாக இருக்கலாம், ஹீலியம் அயனியின் 2-ஆம் மட்டமாக இருக்கலாம், லித்தியம் அயனியின் 3-ஆம் மட்டமாகவும் இருக்கலாம். ஒரே ஓர் எண்ணை வைத்து அணுவின் பெயரைச் சொல்ல வழியே இல்லை. மாணவி விழுந்த குழி இதுதான்.

தப்பிக்கும் வழி, அடுத்தடுத்த இரண்டு மட்டங்களின் விகிதம். வகுக்கும்போது 13.6-உம் Z-உம் அடிபட்டுப் போகும். அந்த விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் மிஞ்சுவது (n+1)/n மட்டும். 1-க்கும் 2-க்கும் இடையே என்றால் 2 வரும். 2-க்கும் 3-க்கும் 1.5, 3-க்கும் 4-க்கும் 1.33, 4-க்கும் 5-க்கும் 1.25.

நம் படத்தில் மங்கிய எண்ணை இப்போதைக்கு வெறும் 6 என்றே வைத்துக்கொள்வோம். 13.6-ஐ 6-ஆல் வகுத்தால் 2.27, வர்க்கமூலம் 1.51. அதாவது கீழ்க்கோடு 2, மங்கலான கோடு 3. அடுத்து 6-ஐ 3.4-ஆல் வகுத்தால் 1.76, வர்க்கமூலம் 1.33. அதாவது 3-உம் 4-உம். இரண்டு சோதனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. கீழே உள்ள −13.6 அடிநிலை இல்லை, இரண்டாம் மட்டம். உண்மையான அடிநிலை படத்துக்கு வெளியே வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது.

இனி Z எளிது. 13.6 = 13.6 × Z²/4 என்பதால் Z² = 4, Z = 2. படம் ஹீலியம் அயனியுடையது. வெட்டுப்பட்ட அடிநிலை −54.4. எண் தெரிந்ததும் மங்கிய எழுத்தும் திரும்பி வந்துவிடுகிறது: 54.4/9 = 6.04.

மாணவியின் பதிலை இந்தச் சோதனையில் போட்டிருந்தால் உடனே உடைந்திருக்கும். ஹைட்ரஜனில் −13.6-க்கு அடுத்த மட்டம் −3.4. இரண்டுக்கும் நடுவில் −6 என்று ஒன்றுக்கு இடமே கிடையாது.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. கோடுகள் அடுத்தடுத்தவை, நடுவில் எதுவும் விடுபடவில்லை என்று எடுத்துக்கொண்டோம். பெரிலியம் அயனியின் 4, 6, 8-ஆம் மட்டங்களும் −13.6, −6.04, −3.4 என்றே வரும். படம் வரைந்தவர் 5-ஐயும் 7-ஐயும் விட்டுவிட்டால் நம்மால் பிரித்தறிய முடியாது. பாடப்புத்தகப் படங்களில் இப்படி விடுவது அரிது, ஆனாலும் மட்டங்களுக்கு நடுவே முறிவுக் குறி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எண்ணே தெரியாவிட்டால்: படத்தை அளப்பது

மங்கிய எண்ணின் முதல் இலக்கம்கூடத் தெரியவில்லை என்று வையுங்கள். கோடு மட்டும் தெரிகிறது. அதன் உயரத்தை அளந்து ஆற்றலைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். முடியும், ஆனால் நேரடியாக அளந்தால் தவறும். போனைச் சாய்த்துப் பிடித்தால் பக்கத்தின் தொலைவில் உள்ள பகுதி சுருங்கிவிடும். படத்தில் பாதி உயரம் என்பது தாளில் பாதி உயரமாக இருக்காது.

படத்தைக் கணினியில் ஏதாவது ஒரு வரைபடச் செயலியில் திறந்து, நான்கு கோடுகளையும் வெட்டிச் செல்லும் ஒரு நேர்கோட்டை மனதில் வைத்து, வெட்டும் இடங்களில் சுட்டியை வைத்து உயரத்தைப் படித்தோம். கீழ்க்கோட்டை 0 என்று வைத்தால் மங்கலான கோடு 732-ஆவது படப்புள்ளியில், −3.4 கோடு 947-இல், பூஜ்யக் கோடு 1200-இல் இருந்தன. நேரடி விகிதம் போட்டால் மங்கலான கோடு பூஜ்யத்திலிருந்து 468 புள்ளி கீழே. 468/1200 × 13.6 = 5.30 எலக்ட்ரான் வோல்ட். இதே முறையில் −3.4 கோட்டை அளந்தால் −2.87 என்று வருகிறது. அங்கேதான் 3.4 என்று அச்சிட்டே இருக்கிறது! இந்தப் பொய்யான எண்களை நம்பி அலைநீளம் போட்டால் 510 நானோமீட்டர் வரும். நீலக்கோடு பச்சையாகிவிடும்.

எந்தச் சாய்விலும் மாறாமல் நிற்கும் அளவு ஒன்று இருக்கிறது. ஒரே நேர்கோட்டில் உள்ள நான்கு புள்ளிகளின் குறுக்கு விகிதம் என்பார்கள். கீழிருந்து மேலாக A, B, C, D என்று பெயர் வைத்தால்:

```
K = (AC × BD) / (BC × AD)
```

சமதளத் தாளை எந்தக் கோணத்தில் படம் பிடித்தாலும் K தாளில் என்னவோ அதுவேதான் படத்திலும். நம் அளவுகளில் AC = 947, BD = 468, BC = 215, AD = 1200. ஆக K = 1.718.

இப்போது இதையே ஆற்றலில் எழுதுங்கள். மங்கிய மட்டத்தின் அளவை x என்று வைத்தால் AC = 13.6 − 3.4 = 10.2, BD = x, BC = x − 3.4, AD = 13.6.

```
1.718 = 0.75 × x / (x - 3.4)
x = 6.03
```

சாய்ந்த படத்திலிருந்தே 6.03 கிடைத்துவிட்டது. உண்மையான மதிப்பு 6.04. இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும். பழைய வடிவியல் தேற்றம் ஒன்று போன் படத்தை நேராக்கிக் கொடுக்கிறது.

ஆனால் இதை நம்புவதற்கு முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். வரைபடமே அளவுப்படி வரையப்பட்டதா? பல புத்தகங்களில் மேல் மட்டங்கள் நெருக்கிக்கொள்ளும் என்பதால் அழகுக்காக இடைவெளியை இழுத்துப் போட்டிருப்பார்கள். 2, 3, 4-ஆம் மட்டங்களும் பூஜ்யமும் சரியான அளவில் இருந்தால் K = 12/7, அதாவது 1.71. நான்கு கோடுகளும் சம இடைவெளியில் போடப்பட்டிருந்தால் K = 1.33. எண் தெரிந்த நான்கு கோடுகளை வைத்து முதலில் இதைப் பாருங்கள். 1.33 பக்கம் வந்தால் அளவுகோலை மூடி வைத்துவிட வேண்டியதுதான். அந்தப் படத்தில் உயரத்துக்குப் பொருளே இல்லை, அச்சிட்ட எண்களுக்கு மட்டுமே பொருள்.

தாள் வளைந்திருந்தாலும் இந்த முறை செல்லாது. தடிமனான புத்தகத்தின் முதுகுப் பக்கம் பக்கங்கள் வளையும், அங்கே உள்ள மட்டக் கோடுகளும் படத்தில் வில் போல வளைந்து தெரியும். கோடு நேராக இல்லை என்றால் புத்தகத்தை அழுத்திப் பிடித்து, கொஞ்சம் தள்ளி நின்று, திரும்ப ஒரு படம் எடுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். K-வில் Z எங்கும் வரவில்லை. ஹைட்ரஜனின் வரைபடமும் லித்தியம் அயனியின் வரைபடமும் வடிவத்தில் அச்சாக ஒன்று. அளவு மட்டும்தான் ஒன்பது மடங்கு. எனவே ஒரு எண்கூடத் தெரியாத படத்திலிருந்து மட்ட எண்களைச் சொல்லலாம், அணு எது என்று சொல்லவே முடியாது.

அலைநீளம்: அச்சிட்ட எண்களை இப்போது விட்டுவிடுங்கள்

இரண்டு மட்டங்களின் வித்தியாசம் ஃபோட்டானின் ஆற்றல். எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் 1240-ஐ வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் வரும். 6.04 − 3.4 = 2.64. 1240/2.64 = 469.7 நானோமீட்டர்.

இது மோசமில்லை, ஆனால் இதில் எத்தனை இலக்கத்தை நம்பலாம்? 3.4 என்று அச்சிட்டிருப்பது 3.35 முதல் 3.45 வரை எதுவாகவும் இருக்கலாம். அதன்படி வித்தியாசம் ஏறக்குறைய 2.59 முதல் 2.69 வரை போகும், அலைநீளம் 479 முதல் 461 வரை போகும். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண் எடுக்கும்போது இப்படித்தான், தோராயம் அப்படியே தங்கி விடை மட்டும் சுருங்கும். மேல் மட்டங்களுக்குப் போகப் போக இது இன்னும் கெடும்.

ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது: படத்திலிருந்து எடுக்க வேண்டியது முழு எண்கள் மட்டுமே. இங்கே Z = 2, மேல் மட்டம் 4, கீழ் மட்டம் 3. முழு எண்ணில் தோராயம் கிடையாது. அவை உறுதியானதும் அச்சிட்ட ஆற்றல்களை ஒதுக்கிவிட்டு ரிட்பெர்க் சூத்திரத்துக்குப் போய்விடுங்கள்.

```
1/λ = R × Z² × (1/n₁² - 1/n₂²)
1/λ = R × 4 × (1/9 - 1/16) = 7R/36
```

புத்தகத்தில் உள்ள ரிட்பெர்க் மாறிலி R = 1.097 × 10⁷ போட்டால் 468.8 நானோமீட்டர். தேர்வுக்கு இது போதும். அம்புக்குறி மேல்நோக்கி இருந்தாலும் எண் இதுவேதான், ஒளி வெளிவருவதற்குப் பதில் உறிஞ்சப்படும், அவ்வளவுதான்.

இன்னும் துல்லியம் வேண்டுபவர்களுக்கு R-ஐயே கொஞ்சம் திருத்த வேண்டும். எலக்ட்ரான் அசையாத கருவைச் சுற்றுவதில்லை. கருவும் சிறிதளவு அசைகிறது, கரு கனமாக இருந்தால் குறைவாக அசையும். அதனால் ஹைட்ரஜனுக்கு R = 10967758, ஹீலியத்துக்கு 10972227, இரண்டும் ஒரு மீட்டருக்கு இத்தனை என்ற அலகில். ஹீலியத்தின் மதிப்பைப் போட்டால் 468.72. இது வெற்றிடத்தில். ஆய்வகத்தில் காற்றில் அளந்தால் காற்றின் ஒளிவிலகலால் ஏறத்தாழ 0.13 நானோமீட்டர் குறைந்து 468.59 ஆகும். அட்டவணையோடு ஒப்பிடும்போது முதலில் அது காற்றா வெற்றிடமா என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் "என் கணக்கு தப்பு" என்று நினைத்தவர்கள் நிறைய.

இந்த ஒரு கோட்டின் கதை

468.6 நானோமீட்டர் சாதாரணமான கோடு இல்லை. மாணவி செய்த அதே தவறை, அன்றைக்கு இந்தத் துறையில் முன்னணியில் இருந்தவர்களே செய்தார்கள். 1896-இல் எட்வர்ட் பிக்கரிங், ஜீட்டா பப்பிஸ் என்ற விண்மீனின் நிறமாலையில் புதிய கோட்டு வரிசை ஒன்றைக் கண்டு அது ஹைட்ரஜனுடையது என்றார். (மார்ச் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் தமிழ்நாட்டிலிருந்து தெற்கே பார்த்தால் அந்த விண்மீன் தெரியும்.) 1912-இல் ஆல்ஃபிரட் ஃபௌலர் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் மின்சாரம் செலுத்தி 468.6 கோட்டை ஆய்வகத்திலேயே வரவழைத்தார். அவரும் ஹைட்ரஜன் என்றே எண்ணினார்.

1913-இல் நீல்ஸ் போர், இவை ஹைட்ரஜனின் கோடுகள் இல்லை, Z = 2 உள்ள ஹீலியம் அயனியின் கோடுகள் என்றார். ஃபௌலர் விடவில்லை. Z² = 4 என்றால் ஹீலியம் கோடுகளின் மாறிலிக்கும் ஹைட்ரஜன் கோடுகளின் மாறிலிக்கும் உள்ள விகிதம் சரியாக 4 வர வேண்டும், அளவீட்டில் 4.0016 அல்லவா வருகிறது என்று கேட்டார். போர் கருவின் அசைவைக் கணக்கில் சேர்த்தார். நாம் மேலே எழுதிய இரண்டு R மதிப்புகளை வகுத்து 4-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4.00163 வரும். ஃபௌலர் ஏற்றுக்கொண்டார்.

அந்தக் குழப்பம் ஏன் அவ்வளவு நாள் நீடித்தது என்பதும் படத்திலேயே தெரியும். ஹீலியம் அயனியின் 6-லிருந்து 4-க்கு இறங்கும் கோட்டை எடுங்கள். 4 × (1/16 − 1/36) = 5/36. ஹைட்ரஜனின் 3-லிருந்து 2-க்கும் அதே 5/36. வெற்றிடத்தில் ஒன்று 656.20, மற்றது 656.47. கால் நானோமீட்டர் வித்தியாசம். Z/n மட்டுமே தெரியும் என்று முன்பு சொன்னதன் விளைவு இது. ஆனால் 468.6 கோட்டுக்கு இணை ஹைட்ரஜனில் கிடையாது. அதன் கீழ் மட்டம் 3 ஒற்றைப்படை, பாதியாக்கினால் முழு எண் வராது. நம் படத்தில் ஹைட்ரஜனைப் பொய்யாக்கிய மங்கிய கோடும் அதே மூன்றாம் மட்டம்தான்.

இந்த முறை எங்கே செல்லாது

ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான் உள்ள அணுவின் வரைபடத்தில் இதைப் போடக்கூடாது. சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிநிலை −5.14, அடுத்தது −3.04. வித்தியாசம் 2.10, 1240/2.10 = 590 நானோமீட்டர். சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் நிறம், விடை சரிதான், ஏனென்றால் வித்தியாசம் எடுப்பது எந்த அணுவுக்கும் பொருந்தும். ஆனால் விகிதத்தின் வர்க்கமூலம் 1.30 வருகிறது. கிட்டத்தட்ட 1.33 தானே, மட்டம் 3 என்று வைத்துக்கொள்வோம் என்று போனால் Z² = 5.14 × 9/13.6 = 3.4 என்று நிற்கும். முழு எண்ணின் வர்க்கம் 1, 4, 9, 16 என்றுதான் வரும். 3.4 வந்தால் படம் ஹைட்ரஜன் போன்ற அணுவுடையது இல்லை, அல்லது ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம்.

அந்த இரண்டில் எது என்று அறிய மட்டக் கோடுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சோடியம் போன்ற அணுக்களின் வரைபடத்தில் கோடுகள் s, p, d என்று தனித்தனிப் பத்திகளாகப் பிரிந்து, ஒரே எண்ணுள்ள மட்டங்கள் பத்திக்குப் பத்தி வேறு உயரத்தில் இருக்கும். ஹைட்ரஜன் போன்ற அணுவில் அவை ஒரே உயரத்தில் இருப்பதால் ஒற்றை ஏணியாகவே வரைவார்கள். ஒற்றை ஏணியாக இருந்தும் Z² முழு வர்க்கமாக வரவில்லை என்றால், படத்தைப் பெரிதாக்கி 3-உம் 8-உம், 1-உம் 7-உம் மாறிப் படித்திருக்கிறோமா என்று மீண்டும் பார்ப்பேன்.